ஐந்து ஐந்துகளும் ஒரு கட்டு அட்டையும்: ஜிசிஎஸ்இ சீக்கியத் தாளுக்குப் பிள்ளையைத் தயார்ப்படுத்துவது

இங்கிலாந்தில் ஜிசிஎஸ்இ சமயக் கல்வியில் பல பள்ளிகள் ஏக்யூஏ தேர்வு வாரியத்தின் பாடத்திட்டத்தைப் பின்பற்றுகின்றன. முதல் தாளில் இரண்டு சமயங்கள் வரும். அதில் ஒன்றாகச் சீக்கியத்தைப் பள்ளி தேர்ந்தெடுத்திருந்தால், நம் வீட்டுப் பிள்ளை ஒரு நாள் பஞ்சாபிச் சொற்கள் நிறைந்த ஒரு பட்டியலோடு வந்து நிற்கும். ஃபிளாஷ் கார்டு செய்து படிக்கச் சொல்லி ஆசிரியரும் அனுப்பியிருப்பார். பெரும்பாலான பிள்ளைகள் ஒரு பக்கம் சொல், மறுபக்கம் பொருள் என்று ஒரே மாலையில் நூறு அட்டை எழுதிவிட்டு, இரண்டு வாரம் கழித்துப் பாதியை மறந்திருப்பார்கள். இந்தக் கட்டுரை அந்த அட்டைகளை எப்படி எழுதுவது, எப்படிக் கேட்பது என்பதைப் பற்றியது. பக்கத்தில் உட்கார்ந்து கேள்வி கேட்கப்போகும் அம்மா அப்பாவுக்காக எழுதுகிறேன்.

முதலில் கேள்வித்தாள் எப்படி இருக்கும் என்று தெரிந்துகொள்ளுங்கள். ஒரு சமயத்துக்கு நம்பிக்கைகள், நடைமுறைகள் என்று இரண்டு பகுதி. ஒவ்வொரு பகுதியிலும் ஐந்து கேள்விகள்: 1 மதிப்பெண், 2, 4, 5, கடைசியில் 12. ஆக மொத்தம் 24. ஒரு மதிப்பெண் கேள்வி நான்கு விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பது. இரண்டு மதிப்பெண் கேள்விக்கு இரண்டு விஷயத்தைச் சொன்னால் போதும். சொல்லும் பொருளும் மட்டும் எழுதிய அட்டை இந்த மூன்று மதிப்பெண்ணுக்குத்தான் நேராக உதவும். நம்பிக்கைப் பகுதியின் நான்கு மதிப்பெண் கேள்வி, ஒரு நம்பிக்கை இன்றைய சீக்கியரின் வாழ்வை எப்படி மாற்றுகிறது என்று கேட்கும். ஐந்து மதிப்பெண் கேள்வியில் இரண்டு போதனைகளை விளக்க வேண்டும், கூடவே புனித நூலையோ வேறொரு சீக்கிய மூலத்தையோ சுட்ட வேண்டும். அந்தச் சுட்டலுக்கே தனியாக ஒரு மதிப்பெண் உண்டு. ஆகவே அட்டையின் பின்பக்கத்தில் பொருளோடு நின்றுவிடக் கூடாது.

அட்டையை எப்படி எழுதுவது

தபால் அட்டையில் பாதி அளவு போதும். முன்பக்கம் சொல்லை மட்டும், பாடப்புத்தகத்தில் இருக்கும் அதே எழுத்துக்கூட்டலில் எழுதச் சொல்லுங்கள். தேர்வு ஆங்கிலத்தில் என்பதால் பின்பக்கமும் ஆங்கிலத்திலேயே இருக்கட்டும். நீங்கள் விளக்குவது தமிழில் இருக்கலாம், அதில் தப்பே இல்லை. ஆனால் சொல்லைத் தமிழ் எழுத்தில் எழுதிவைக்க வேண்டாம். சீக்கியரின் இரும்பு வளையமும் கோயில் இனிப்பும் ஆங்கில எழுத்தில் ஒரே ஓர் எழுத்துதான் வித்தியாசப்படும்: கரா, கராஹ். அதேபோல ஆன்மிக நிலையைக் குறிக்கும் ‘கண்ட்’, இருபுறமும் கூரான வாளான ‘கண்டா’. இவை கண்ணுக்குப் பழகியிருக்க வேண்டும். நம் எழுத்தில் எழுதினால் அந்தப் பழக்கம் வராது.

பின்பக்கத்தை மூன்று வரியாகப் பிரிக்கலாம். முதல் வரியில் பொருள், ஒரே வாக்கியத்தில். இரண்டாவது வரியில் ‘அதனால்’ என்று தொடங்கி, இன்றைய சீக்கியர் அதன் காரணமாக என்ன செய்கிறார் என்பது. மூன்றாவது வரியில் மூலம்: சீக்கியரின் புனித நூலான குரு கிரந்த் சாகிபின் ஒரு வரி, அல்லது ஒரு குருவின் வாழ்க்கை நிகழ்ச்சி. எல்லா அட்டைக்கும் மூன்றாவது வரி கிடைக்காது. கிடைக்காவிட்டால் காலியாக விடுங்கள். வலிந்து நிரப்பினால் தப்பான மேற்கோள்தான் உள்ளே வரும்.

சேவா என்ற அட்டையை எடுத்துக்கொள்வோம். பல பிள்ளைகள் ‘உதவி செய்தல்’ என்று எழுதிவிட்டு அடுத்ததுக்குப் போய்விடுவார்கள். அதை இப்படி எழுதலாம்:

முன்பக்கம்: சேவா
பொருள்: பலனை எதிர்பார்க்காமல் பிறருக்குச் செய்யும் தொண்டு, உடலால், மனத்தால், பொருளால் என மூன்று வகை.
அதனால்: குருத்வாராவில் பாத்திரம் கழுவுவது, செருப்பைத் துடைத்து அடுக்குவது, தர்மத்துக்குப் பணம் கொடுப்பது. இதனால் ‘நான்’ என்ற எண்ணம் குறைகிறது.
மூலம்: இந்த உலகில் சேவை செய்தால் இறைவனின் அவையில் இடம் கிடைக்கும் (குரு கிரந்த் சாகிப், பக்கம் 26).

உடல், மனம், பொருள் என்ற மூன்றையும் பஞ்சாபியில் தன், மன், தன் என்பார்கள். முதல் தன் உடல், கடைசித் தன் செல்வம். ‘தன தானியம்’ என்பதில் வரும் அதே தனம்தான் அது. தமிழில் எழுதினால் இரண்டும் ஒன்றாகத் தெரிகிறது பாருங்கள், ஆங்கிலத்தில் முதல் எழுத்தே வேறு. உச்சரிப்புத் தெரியாவிட்டாலும் கவலை வேண்டாம், எழுத்துத் தேர்வுதானே.

இந்த ஒரே அட்டையிலிருந்து ஐந்து மதிப்பெண் விடை எப்படி வருகிறது என்று பார்க்கலாம். ‘சேவா பற்றிய இரண்டு சீக்கியப் போதனைகளை விளக்குக’ என்பது கேள்வி. பிள்ளை எழுத வேண்டியது ஏறக்குறைய இது: ‘எல்லா மனிதருக்குள்ளும் இறைவனின் ஒளி இருப்பதாகச் சீக்கியர் நம்புகிறார்கள், ஆகவே யாருக்குத் தொண்டு செய்தாலும் அது இறைவனுக்குச் செய்வதே. ஆனந்தபூர் போரில் பாய் கன்னையா காயம்பட்ட எதிரி வீரர்களுக்கும் தண்ணீர் கொடுத்தார். இரண்டாவதாக, சேவை தன்னலத்தைக் குறைத்து முக்திக்கு வழி செய்கிறது. இந்த உலகில் சேவை செய்பவருக்கு இறைவனின் அவையில் இடம் உண்டு என்று குரு கிரந்த் சாகிப் சொல்கிறது.’ ஒவ்வொரு போதனையும் சொல்லி, விரித்ததற்கு இரண்டிரண்டு மதிப்பெண். நூலைச் சுட்டியதற்கு ஒன்று. பக்க எண்ணை எழுத வேண்டிய கட்டாயம் இல்லை. நூலின் பெயரும், வரியின் கருத்தும் கேள்விக்குப் பொருந்தினால் போதும். எண்ணை அட்டையில் எழுதிவைப்பது சரிபார்க்க மட்டுமே. குரு கிரந்த் சாகிபின் எல்லாப் பதிப்புகளிலும் 1430 பக்கங்கள்தான், எந்த வரி எந்தப் பக்கம் என்பதும் மாறாது. இணையத்தில் ஒரு மேற்கோள் கிடைத்தால் பக்கத்தைத் திறந்து உண்மையா என்று ஒரு நிமிடத்தில் பார்த்துவிடலாம்.

மூல வரிகள் நிறைய வேண்டாம். பல தலைப்புக்குப் பொருந்தும் நான்கைந்து வரிகளை மட்டும் தேர்ந்தெடுங்கள். என் தேர்வில் முதல் இடம் 1245ஆம் பக்க வரிக்கு: உழைத்து உண்டு, அதிலிருந்து பிறருக்கும் கொடுப்பவரே வழியை அறிந்தவர் என்கிறது. நேர்மையாக உழைப்பது, பகிர்ந்து உண்பது என்று இரண்டு கடமைகளுக்கும் ஒரே வரி. 349ஆம் பக்கம், ஒளியைப் பார், சாதியைக் கேட்காதே என்கிறது. 473ஆம் பக்கத்தில், அரசர்களைப் பெற்றெடுக்கும் பெண்ணை எப்படித் தாழ்வாகப் பேசலாம் என்று குரு நானக் கேட்கிறார். சமத்துவம் பற்றி எந்தக் கேள்வி வந்தாலும் இந்த இரண்டில் ஒன்று கை கொடுக்கும்.

ஐந்து ஐந்துகள்

சீக்கியத் தாளில் பிள்ளைகள் அதிகம் குழம்புவது இங்கேதான். அமிர்தம் பெற்ற சீக்கியரின் அமைப்பான கால்சாவின் அடையாளங்கள் ஐந்து, எல்லாம் ஆங்கில ‘கே’ எழுத்தில் தொடங்குவதால் ஐந்து கே-க்கள் என்பார்கள். தீய குணங்கள் ஐந்து. நற்குணங்கள் ஐந்து. ஆன்மிக நிலைகள் ஐந்து. 1699 வைசாகியன்று ஆனந்தபூரில் குரு கோபிந்த் சிங் தலையைக் கேட்டபோது முன்வந்த அன்பர்களும் ஐந்து பேர், பஞ்ச் பியாரே. ஒரே எண்ணில் ஐந்து பட்டியல். ‘ஐந்து கே-க்களை எழுது’ என்று ஒரே அட்டையில் பட்டியல் போட்டால், பிள்ளை நான்கைச் சொல்லி ஐந்தாவதுக்கு வேறு பட்டியலிலிருந்து ஒன்றை எடுத்து நுழைக்கும். அல்லது முதல் மூன்றை ஒப்பித்துவிட்டு, எல்லாம் தெரியும் என்ற நினைப்பில் அட்டையைக் கீழே வைத்துவிடும்.

எனவே பட்டியல் அட்டையே வேண்டாம். ஒவ்வோர் உருப்படிக்கும் ஓர் அட்டை போடுங்கள். கேஷ்: வெட்டாத முடி, இறைவன் தந்த உடலை அப்படியே ஏற்றல். கங்கா: மரச் சீப்பு, தூய்மையும் ஒழுங்கும். கரா: இரும்பு வளையம், முதலும் முடிவும் இல்லாத இறைவன். கச்சேரா: பருத்தி உள்ளாடை, அடக்கம். கிர்பான்: வாள், நலிந்தவரைக் காத்தல். பின்பக்கத்தின் மூலையில் எந்த ஐந்தைச் சேர்ந்தது என்று சிறிய வண்ணப் புள்ளி ஒன்று வையுங்கள். கே-க்களுக்கு நீலம், தீய குணத்துக்குச் சிவப்பு, இப்படி. புள்ளியை முன்பக்கம் வைத்தால் அதுவே விடையைக் காட்டிக்கொடுத்துவிடும்.

பிறகு இருபத்தைந்து அட்டைகளையும் கலைத்துப் போட்டு, பொருளைக் கேட்காமல், ‘இது எந்த ஐந்து?’ என்று மட்டும் கேளுங்கள். பிள்ளை ஐந்து குவியலாகப் பிரிக்க வேண்டும். முடிந்ததும் திருப்பிப் பார்த்தால் வண்ணமே தவறைச் சொல்லிவிடும். ஒரு மதிப்பெண் கேள்வியில் நான்கு விடைகளைக் கொடுத்து ‘இவற்றில் எது ஐந்து கே-க்களில் ஒன்று?’ என்று கேட்பதும் இதே திறமையைத்தான் சோதிக்கிறது. இந்தக் குவியலுக்குள் வேண்டுமென்றே இரண்டு அந்நிய அட்டைகளை நுழைத்து வையுங்கள்: தலைப்பாகை ஒன்று, கண்டா வாள் ஒன்று. தலைப்பாகை சீக்கியரின் கண்ணுக்குத் தெரியும் முதல் அடையாளம், ஆனால் அது ஐந்து கே-க்களில் இல்லை. அது கேஷைக் காக்கிறது, அவ்வளவுதான். கண்டா கொடியிலும் சின்னத்திலும் இருக்கும், அமிர்தத்தைக் கலக்கவும் பயன்படும், அதுவும் ஐந்தில் இல்லை. இந்த இரண்டையும் எந்தக் குவியலிலும் சேர்க்காமல் பிள்ளை ஓரமாக வைத்தால் பாடம் பிடிபட்டுவிட்டது.

ஆன்மிக நிலைகளுக்கு மட்டும் வரிசை முக்கியம். தரம், ஞான், சரம், கரம், சச் என்ற ஐந்து கண்டுகள், குரு கிரந்த் சாகிபின் தொடக்கத்தில் உள்ள ஜப்ஜி சாகிப் என்ற பாடலின் கடைசிப் பகுதியில் வருகின்றன. கடமையில் தொடங்கி, அறிவு, முயற்சி, அருள், உண்மை என்று மேலே போகின்றன. இதற்கு ‘ஞான் கண்டுக்கு அடுத்தது எது?’, ‘கரம் கண்டுக்கு முந்தியது எது?’ என்று அட்டை எழுதுங்கள். ஒன்றிலிருந்து ஐந்துவரை ஒப்பிக்கத் தெரிந்த பிள்ளை ‘நான்காவது எது?’ என்றால் மனத்துக்குள் முதலிலிருந்து எண்ணும். அந்த நேரத்தை இந்த அட்டைகள் மிச்சப்படுத்தும். சச் கண்டில் உருவமற்ற இறைவன் உறைகிறான் என்ற ஜப்ஜி வரியை அந்த அட்டையின் மூல வரியாகப் போடலாம், அது 8ஆம் பக்கத்தில் இருக்கிறது. எந்த மனிதரும் சொந்த முயற்சியால் மட்டும் அங்கே போய்விட முடியாது, இறையருள் வேண்டும் என்பது அந்தப் பகுதியின் சாரம். நான்காவது நிலை அருளுக்கு உரியதாக இருப்பதன் காரணமும் அதுதான்.

நமக்குத் தெரிந்த சொற்களே வைக்கும் பொறி

நம் வீட்டில் இந்தத் தாளுக்கு ஒரு சிக்கல் கூடுதல். பட்டியலில் பாதி நமக்கு ஏற்கனவே தெரிந்த சொற்கள்: குரு, அமிர்தம், முக்தி, கர்மா, பிரசாதம், கீர்த்தனை. பிள்ளை இவற்றுக்கு அட்டையே எழுதாது. ‘அம்மா, பிரசாதம் எனக்குத் தெரியாதா’ என்று கேட்கும். நீங்களும் ‘சரி, அதை விட்டுவிடு’ என்பீர்கள். உண்மையில் கவனமாக எழுத வேண்டியவை இவைதான்.

குரு என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். சீக்கியத்தில் குரு என்பது குரு நானக் முதல் குரு கோபிந்த் சிங் வரையிலான பத்துப் பேரையும், 1708இல் குரு கோபிந்த் சிங் தன் வாரிசாக அறிவித்த குரு கிரந்த் சாகிபையும் குறிக்கும். இன்று உயிரோடு இருக்கும் எந்த மனிதரும் குரு இல்லை. ‘குருத்வாராவில் குரு வழிபாட்டை நடத்துவார்’ என்று எழுதினால் தப்பு. நூலைப் படிப்பவர் கிரந்தி. அவர் பூசாரி அல்ல. பயிற்சி பெற்ற எந்தச் சீக்கிய ஆணும் பெண்ணும் படிக்கலாம். குரு, கிரந்தி, கிரந்த் மூன்றையும் ஒரே நாளில் எழுதி, அடுத்தடுத்துக் கேளுங்கள்.

கராஹ் பர்ஷாத் கோதுமை மாவு, நெய், சர்க்கரை மூன்றையும் சம அளவில் சேர்த்துச் செய்யும் இனிப்பு. நம் கோயில் பிரசாதம் போல ஓர் உருவத்துக்குப் படைத்துவிட்டு எடுப்பது என்று எழுதினால் மதிப்பெண் போகும், ஏனென்றால் குருத்வாராவில் விக்கிரகம் கிடையாது. வழிபாட்டின் முடிவில் வந்தவர் எல்லோருக்கும், சாதி சமய வேறுபாடு இல்லாமல், ஒரே மாதிரி கொடுக்கிறார்கள். அட்டையின் ‘அதனால்’ வரியில் சமத்துவம் வர வேண்டும்.

அமிர்தம் தேவர்கள் பாற்கடலைக் கடைந்து எடுத்தது அல்ல. இரும்புப் பாத்திரத்தில் தண்ணீரும் சர்க்கரையும் விட்டு, கண்டாவால் கலக்கி, மறைகளை ஓதிக்கொண்டே தயாரிப்பது. அதைப் பருகி ஒருவர் கால்சாவில் சேர்கிறார். முக்திக்கு, பிறவிச் சுழலிலிருந்து விடுபட்டு இறைவனோடு ஒன்றுதல் என்று எழுதுங்கள். வாழும்போதே அடையலாம் என்பதையும் சேர்க்கச் சொல்லுங்கள்.

தீய குணங்களில் இன்னொரு பொறி. காம குரோத லோப மோக மத மாச்சரியம் என்று பாட்டி சொல்லிக் கேட்ட பிள்ளை ஆறு எழுதிவிடும். சீக்கியப் பட்டியலில் முதல் நான்கும் அதேதான், ஐந்தாவது அகங்கார். மதமும் மாச்சரியமும் இல்லை. நற்குணப் பட்டியலில் வரும் சந்தோக் என்பது கிடைத்ததில் நிறைவு கொள்ளும் மனம். நாம் பேசும் ‘சந்தோஷம்’ என்று நினைத்து மகிழ்ச்சி என்று எழுதக் கூடாது.

அகங்காரைப் பற்றி எழுதும்போது ஹவுமை என்ற அட்டையையும் பக்கத்தில் வையுங்கள். இரண்டும் ஒன்று போலத் தோன்றும், பாடத்தில் இரண்டின் இடமும் வேறு. ஹவுமை என்பது எல்லாவற்றுக்கும் நடுவில் ‘நான்’ இருப்பதாக நினைத்து வாழ்வது, அடிப்படை நோய். அகங்கார், அதாவது செருக்கு, அதிலிருந்து முளைக்கும் ஐந்து தீமைகளில் ஒன்று. ஹவுமையில் மூழ்கியவர் மன்முக், தன் மனத்தின் சொல்லைக் கேட்பவர். குருவின் சொல்லைக் கேட்டு அதை விட்டொழிப்பவர் குர்முக். இந்த நான்கு சொற்களுக்கும் தனித்தனி அட்டை போட்டபின், ஐந்தாவதாக ஓர் இணைப்பு அட்டை எழுதுங்கள். முன்பக்கம் ‘மன்முக் எப்படி குர்முக் ஆகிறார்?’ என்ற கேள்வி. பின்பக்கம் இறைவன் பெயரை நினைத்தல், நேர்மையாக உழைத்தல், பகிர்தல், சேவா. பன்னிரண்டு மதிப்பெண் கேள்வியில் வாதத்தை நகர்த்த உதவுபவை இந்த மாதிரி இணைப்பு அட்டைகள்தான். ஆனால் தனி அட்டைகள் மனத்தில் நிற்கும் முன் இவற்றைத் தொட வேண்டாம்.

நடைமுறைப் பகுதிக்கு ஒரு படமும் ஒரு நேரில் பார்த்தலும்

நம்பிக்கைப் பகுதியைச் சொல்லால் பிடிக்கலாம். குருத்வாராவின் உள்ளே இருக்கும் பொருள்களை அப்படிப் பிடிப்பது கஷ்டம். மஞ்சி, தக்த், பால்கி, ரூமாலா, சவுரி என்று ஐந்து அட்டை எழுதினால் ஐந்தும் கலந்துவிடும். அதற்குப் பதிலாக ஒரு பெரிய தாளில் குரு கிரந்த் சாகிப் வைத்திருக்கும் இடத்தைப் பிள்ளையே வரையட்டும். அழகாக இருக்க வேண்டியதில்லை. உயர்ந்த மேடை தக்த். நூலைத் தாங்கும் சிறு கட்டில் மஞ்சி. மேலே விதானத்தோடு நிற்கும் அமைப்பு பால்கி. நூலை மூடும் துணி ரூமாலா. நூலுக்கு மேலே வீசும் சாமரம் சவுரி. பெயர்களை எழுதாமல் எண் மட்டும் போட்டு, அந்தத் தாளையே பெரிய அட்டையாக வைத்துக் கேளுங்கள். ஒரு நூலை ஏன் அரசரைப் போல மேடையில் வைத்துச் சாமரம் வீசுகிறார்கள் என்று பிள்ளை கேட்டால், வாழும் குருவாகவே கருதுகிறார்கள் என்ற விடை அங்கேயே பதிந்துவிடும்.

முடிந்தால் ஒரு முறை குருத்வாராவுக்குக் கூட்டிப் போங்கள். லண்டனில் சவுத்தால் ஹேவ்லாக் சாலையில் உள்ள ஸ்ரீ குரு சிங் சபா போன்ற பெரிய குருத்வாராக்களுக்கு எந்தச் சமயத்தவரும் போகலாம். தலையை மூடவேண்டும், செருப்பைக் கழற்றவேண்டும், புகையிலையோ மதுவோ கொண்டுபோகக் கூடாது. வெளியே கொடிக்கம்பத்தில் நிஷான் சாகிப் பறக்கும், அதில் கண்டா சின்னம் இருக்கும். உள்ளே போனால் அந்தப் படத்தில் வரைந்ததெல்லாம் கண் முன்னால் இருக்கும். பிறகு லங்கர் என்ற பொதுச் சமையற்கூடத்தில் தரையில் உட்கார்ந்து சாப்பிடலாம். மூன்றாவது குருவான அமர் தாஸ், தன்னைப் பார்க்க வருகிறவர் யாராக இருந்தாலும் முதலில் லங்கரில் வரிசையில் உட்கார்ந்து சாப்பிட வேண்டும் என்று வைத்திருந்தார், அக்பரும் அப்படியே சாப்பிட்டார் என்பது சீக்கிய மரபு. லங்கர் அட்டையின் மூல வரிக்கு இதைவிட நல்லது கிடைக்காது. திரும்பி வரும் வழியிலேயே பிள்ளை அந்த அட்டையின் ‘அதனால்’ வரியைத் தானே எழுதட்டும். பாத்திரம் கழுவும் மாமாவையும் எல்லோருக்கும் ஒரே பருப்பு கிடைத்ததையும் பார்த்தபின் அந்த வரி தானாக வரும்.

நடைமுறைப் பகுதியில் நான்கு மதிப்பெண் கேள்வி பெரும்பாலும் இரண்டு மாறுபட்ட வழிகளைக் கேட்கும். அதற்கு எதிரெதிர் அட்டைகள் வேண்டும். அமிர்தம் பெற்று ஐந்து கே-க்களையும் அணிபவர் ஒரு பக்கம், இன்னும் அமிர்தம் பெறாத சகஜ்தாரி மறுபக்கம். குருத்வாராவில் மற்றவர்களோடு கூடி வழிபடுவது, வீட்டில் அதிகாலை எழுந்து தனியாக இறைவன் பெயரை ஜபிப்பது என்பது இன்னொன்று. பஞ்சாபில் வைசாகி அறுவடை விழாவாகவும் இருக்கிறது, பிரிட்டனில் தெருவில் நகர் கீர்த்தன் ஊர்வலமாகப் போகிறது. இப்படி மூன்று நான்கு போதும்.

கேட்கும் முறை

ஜெர்மானியப் பத்திரிகையாளர் செபாஸ்டியன் லைட்னர் பெயரில் ஒரு பெட்டி முறை இருக்கிறது, அதையே பின்பற்றலாம். மூன்று செருப்புப் பெட்டிகள் எடுங்கள். எல்லா அட்டையும் முதல் பெட்டியில் தொடங்கும், அதைத் தினமும் கேட்க வேண்டும். சரியாகச் சொன்ன அட்டை இரண்டாவது பெட்டிக்குப் போகும், அது மூன்று நாளுக்கு ஒரு முறை. அங்கேயும் சரியானால் மூன்றாவது பெட்டி, வாரம் ஒரு முறை. எங்கே தப்பினாலும் நேராக முதல் பெட்டிக்குத் திரும்ப வேண்டும். ஒரு நாளைக்குப் பத்துப் புதிய அட்டைக்கு மேல் சேர்க்காதீர்கள். இந்தப் பாடத்துக்கு எழுபது அட்டையைத் தாண்ட வேண்டியதில்லை, ஆகவே ஒரு வாரத்துக்குக் கொஞ்சம் கூடினால் எல்லாம் உள்ளே வந்துவிடும். தேர்வுக்கு ஐந்து வாரம் முன் தொடங்கினால் மூன்றாவது பெட்டி நிறையவும் நேரம் இருக்கும்.

‘சரி’ என்று எதை ஏற்பது என்பதில் கறாராக இருங்கள். பிள்ளை அட்டையைத் திருப்பிப் பார்த்துவிட்டு ‘ஆ, இது தெரியும்’ என்றால் அது கணக்கில் வராது. திருப்பும் முன் வாயால் சொல்ல வேண்டும், மூன்று வரியையும். பொருள் சரி, ‘அதனால்’ வரவில்லை என்றால் அட்டை இருந்த இடத்திலேயே இருக்கட்டும். இரண்டு நாளுக்கு ஒருமுறை அட்டைக் கட்டையே தலைகீழாகப் பிடித்து, பொருளைப் படித்துச் சொல்லைக் கேளுங்கள். ‘48 மணி நேரம் இடைவிடாமல் குரு கிரந்த் சாகிபை முழுவதும் படிப்பது’ என்றால் ‘அகண்ட் பாட்’ என்று வர வேண்டும். இந்தத் திசையில்தான் பிள்ளைகள் அதிகம் தடுமாறுவார்கள். தேர்வில் விடை எழுதும்போது மூளை வேலை செய்வதும் இந்தத் திசையில்தான்.

ஓர் அட்டை நான்கைந்து முறை முதல் பெட்டிக்கே திரும்பி வந்துகொண்டிருந்தால், பிள்ளையைத் திட்டாதீர்கள், அட்டையைப் பாருங்கள். பெரும்பாலும் அதில் இரண்டு விஷயம் ஒட்டியிருக்கும். ஹுக்கம் அப்படி ஒன்று. அது இறைவனின் ஆணை என்ற நம்பிக்கையையும் குறிக்கும், குரு கிரந்த் சாகிபைக் குறிப்பிட்ட பக்கம் என்றில்லாமல் திறந்து அன்றைய வழிகாட்டலாகப் படிக்கும் பகுதியையும் குறிக்கும். குழந்தைக்குப் பெயர் வைக்கும்போதும் அப்படித் திறந்து கிடைக்கும் பகுதியின் முதல் எழுத்தை எடுக்கிறார்கள். அதை இரண்டு அட்டையாகப் பிரித்து, ஒன்றில் ‘நம்பிக்கை’, மற்றதில் ‘நடைமுறை’ என்று முன்பக்கத்திலேயே எழுதிவிட்டால் சிக்கல் போய்விடும். கடைசி வாரத்தில் புதிய அட்டை எதுவும் எழுத வேண்டாம். முதல் பெட்டியில் மிஞ்சியிருப்பவை, ஐந்து ஐந்துகளின் குவியல், நான்கைந்து மூல வரிகள், இவை மட்டும். தேர்வு நாளில் கேள்வித்தாளைத் திறக்கலாம் என்று சொன்னதும், முதல் வேலையாக ஐந்து பட்டியல்களையும் வெற்றிடத்தில் பென்சிலால் எழுதிவைத்துக்கொண்டு அப்புறம் முதல் கேள்விக்குப் போகச் சொல்லுங்கள்.